கவுட்: யூரிக் அசிட்டைக் குறைக்கும் மாத்திரை தொடங்கியதும் நோவு வருவது ஏன்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையகத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் நின்று மூட்டுகளில் யூரிக் அசிட் படிந்து வீக்கமும் நோவும் தரும் கவுட் என்ற நோயைப் பற்றிப் பல வருடங்களாக நான் கேட்ட கேள்விகள் இவை. கிளினிக் நாளில் வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் விளக்கம் சொல்ல முடிவதில்லை என்பதால், அந்த ஒரு நிமிடத்தில் சொல்லாமல் விட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் கிளினிக் கொப்பியில் மருந்தின் அளவை எழுத வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். இங்கே வரும் அளவுகள் அவர் ஏன் அப்படி எழுதினார் என்பதை விளங்கிக்கொள்வதற்காக மட்டுமே.

மிஸ், இந்த யூரிக் அசிட் சாப்பாட்டுல இருந்துதானே வருது?

ஒரு பகுதிதான் சாப்பாட்டிலிருந்து வருகிறது. பியூரின் என்ற பொருள் நம் ஒவ்வொரு உயிரணுவின் மரபுப்பொருளிலும், உயிரணு தன் வேலைகளுக்குச் சக்தி எடுக்கும் ஏடிபி என்ற மூலக்கூறிலும் இருக்கிறது. பழைய உயிரணுக்கள் சிதைந்து புதியவை உருவாகிக்கொண்டே இருப்பதால் உடலுக்குள்ளேயே தினமும் பியூரின் கழிந்துகொண்டிருக்கிறது. நம் யூரிக் அசிட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்படி உடலிலேயே உண்டாவது. மீதிதான் தட்டில் இருந்து வருவது.

கழிந்த பியூரின் படிப்படியாக உடைந்து முதலில் ஹைப்போசாந்தீனாகவும், பிறகு சாந்தீனாகவும், கடைசியில் யூரிக் அசிட்டாகவும் மாறுகிறது. இந்தக் கடைசி இரண்டு மாற்றங்களையும் செய்வது சாந்தீன் ஒக்சிடேஸ் என்ற ஒரே நொதி. இதை நினைவில் வைத்திருங்கள். பின்னால் மாத்திரையைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும். பெரும்பாலான பாலூட்டிகளுக்கு யூரிக் அசிட்டை இன்னும் ஒரு படி உடைத்து, நீரில் எளிதாகக் கரையும் பொருளாக்கும் யூரிகேஸ் என்ற நொதி உண்டு. மனித இனத்தின் முன்னோர்கள் ஒரு கோடி வருடங்களுக்கும் முன்பே அதை இழந்துவிட்டார்கள். அதனால்தான் கட்டிவைத்த மாட்டுக்கு வராத நோவு மாட்டுக்காரருக்கு வருகிறது.

எல்லார் ரத்தத்துலயும் இருக்கிறது எனக்கு மட்டும் ஏன் பெருவிரல்ல வந்து குந்துது?

பெரும்பாலானவர்களுக்குக் காரணம் அதிகமாக உண்டாவதல்ல, போதுமான அளவு வெளியேறாததே. சிறுநீரகம் வடிகட்டும் யூரிக் அசிட்டில் பத்தில் ஒன்பது பங்கை மறுபடியும் ரத்தத்துக்குள்ளேயே இழுத்துக்கொள்கிறது. இந்த இழுப்புச் சிலருக்குப் பிறவியிலேயே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஆகவே குடும்பத்தில் அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ இந்த நோவு இருந்திருந்தால் அது தற்செயல் அல்ல. பெண்களுக்கு ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் யூரிக் அசிட்டை வெளியேற்ற உதவுவதால் மாதவிடாய் நிற்கும்வரை இது அபூர்வமாகவே வருகிறது. அதற்குப் பிறகு, குறிப்பாகப் பிரஷருக்காகச் சிறுநீர் கூடுதலாகப் போகும் மாத்திரை எடுப்பவர்களுக்கு, வரலாம்.

விரலில் வந்து தங்குவதற்குக் குளிரும் ஒரு காரணம். 37 பாகை வெப்பத்தில் ஒரு டெசிலீற்றர் ரத்தத்தில் ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் வரைதான் யூரிக் அசிட் உப்பு கரைந்து நிற்கும். வெப்பம் குறையக் குறைய அந்த எல்லையும் இறங்கும். கெட்டியாகக் காய்ச்சிய சீனிப்பாகு ஆறியதும் அடியில் படிகமாகப் படிவதைப் போலத்தான் இதுவும். உடலின் நடுப்பகுதியை விடக் கால்விரல் எப்போதும் குளிர்ந்தே இருக்கும், நுவரெலியாவின் விடியற்காலையில் இன்னும் குளிர்ந்திருக்கும். அதோடு நாள் முழுவதும் உடலின் பாரமும் மலை ஏறி இறங்கும் அடியும் அந்த மூட்டில்தான் விழுகின்றன. அங்கே ஊசி போன்ற மெல்லிய படிகங்கள் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் சேர்கின்றன. யூரிக் அசிட் கூடிய எல்லாருக்கும் கவுட் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் எண் மட்டும் கூடியிருந்து ஒருமுறையும் நோவு வராதவருக்குப் பொதுவாக மருந்தே தேவைப்படாது.

நோவு உச்சத்துல இருந்தப்ப ரத்தம் பாத்தா 6.1தான் வந்துச்சு. அப்ப இது கவுட் இல்லையா?

அந்த ஒரு எண்ணை வைத்துக் கவுட் இல்லை என்று சொல்ல முடியாது. மூட்டு அழன்று வீங்கியிருக்கும் நாட்களில் சிறுநீரகம் வழக்கத்தை விட அதிகமாக யூரிக் அசிட்டை வெளியேற்றுவதால், பலருக்கு அந்த நேரத்தில் ரத்தத்தின் அளவு தற்காலிகமாக இறங்கி, சாதாரணம் போலவே தெரியும். நோவு முழுதாக அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பார்த்தால் உண்மை அளவு தெரியவரும். சந்தேகம் தீராவிட்டால், வீங்கிய மூட்டிலிருந்து ஊசியால் கொஞ்சம் நீர் எடுத்து, முனைவாக்கிய ஒளி உள்ள நுணுக்குக்காட்டியில் அந்த ஊசிப் படிகங்களைப் பார்ப்பதே உறுதியான வழி.

பருப்பு, கீரை, கருவாடு எல்லாத்தையும் விட்டுட்டேன். இன்னும் ஏன் 8க்கு மேல நிக்குது?

முதல் கேள்வியின் பதிலில் சொன்ன கணக்குத்தான் காரணம். கடுமையாகப் பத்தியம் இருந்தாலும் பொதுவாக ஒரு டெசிலீற்றருக்கு 1 மில்லிகிராம் அளவுக்குத்தான் குறையும். 9இல் இருப்பவர் பத்தியத்தால் 8க்கு வரலாம், 6க்குக் கீழே வருவது கடினம். இதைச் சொல்லும்போது சிலர் முகம் வாடிவிடுகிறது. நோவு வந்ததற்குத் தன் வாய்தான் காரணம் என்று வீட்டார் சொல்லச் சொல்லக் கேட்டுப் பழகியவர்களுக்கோ மனப்பாரம் இறங்குகிறது.

பருப்பையும் கீரையையும் விட்டது தேவையில்லாத வேலை. அவற்றில் பியூரின் இருந்தாலும் அவற்றைச் சாப்பிடுபவர்களுக்குக் கவுட் கூடுதலாக வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ரொட்டியும் பருப்பும்தான் ஒரு நாளின் முக்கிய சாப்பாடு என்றிருக்கும் வீட்டில் பருப்பை நிறுத்தினால் புரதத்துக்கு வேறு வழியும் இல்லை. குறைக்க வேண்டியவை ஈரல், குடல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சிகள், நெத்தலியும் சாளையும், அவற்றின் கருவாடு, பியர், சாராயம், சீனி கரைத்த சோடா வகைகள். பியரில் பியூரினும் இருக்கிறது, அற்ககோலும் இருக்கிறது. அற்ககோல் சிறுநீரகம் யூரிக் அசிட்டை வெளியேற்றுவதையும் தடுக்கிறது. சீனியின் ஒரு பாதியான பிரக்டோஸை ஈரல் கையாளும்போது ஏடிபி வேகமாகச் செலவழிந்து பியூரினாகச் சிதைவதால், பியூரினே இல்லாத சோடாவும் யூரிக் அசிட்டை ஏற்றிவிடுகிறது.

தேத்தண்ணியையும் விடணுமா? தேயிலையிலயும் ஏதோ சாந்தீன் இருக்காமே.

விட வேண்டியதில்லை. கேட்டவர் ஒரு ஆசிரியர். எங்கோ படித்துவிட்டுத்தான் கேட்டார், படித்ததும் சரிதான். தேயிலையில் உள்ள கஃபீன் சாந்தீனின் உறவுப்பொருள். ஆனால் அதில் மெதைல் கூட்டங்கள் ஒட்டியிருப்பதால் உடல் அதை உடைக்கும்போது வருவது மெதைல் யூரிக் அசிட்டுகள். மூட்டில் படியும் உப்பு அவற்றிலிருந்து உண்டாவதில்லை. கோப்பையில் கவனிக்க வேண்டியது சாயத்தை அல்ல, சீனியை. ஒரு நாளைக்கு ஆறு பிளேன்டீ, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி என்றால் முந்தைய பதிலில் சொன்ன பிரக்டோஸ் கணக்கு அங்கேயும் பொருந்தும்.

நோவுக்குத் தந்த மாத்திரையும் தினமும் போடச் சொன்ன மாத்திரையும் ஒண்ணுதானே, ஒண்ண போட்டா போதாதா?

இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை. டைக்ளோஃபெனக், கொல்சிசின், பிரெட்னிசொலோன் போன்றவை மூட்டின் அழற்சியை அடக்குபவை. உள்ளே இருக்கும் ஒரு படிகத்தைக்கூட அவை கரைப்பதில்லை. அலோபியூரினோல் யூரிக் அசிட்டைக் குறைத்துப் படிகங்களைக் கரையவைப்பது. வீங்கிய காலுக்கு அதைப் போட்டால் அன்றைய நோவு குறையாது. நோவு வரும்போது மட்டும் அலோபியூரினோல் போடுபவர்களை மாதத்துக்கு ஓரிருவராவது பார்க்கிறேன். இந்த நோவில் செய்யக்கூடிய தவறுகளில் அதுவே மோசமானது. ஏன் என்பது கீழே வரும்.

அலோபியூரினோல் உள்ள போய் என்னதான் செய்யுது?

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன சாந்தீன் ஒக்சிடேஸ் நொதியை அது அடைத்துவிடுகிறது. அலோபியூரினோலின் வடிவம் ஹைப்போசாந்தீனைப் போலவே இருப்பதால் நொதி ஏமாந்து அதைப் பிடித்து, ஒக்சிபியூரினோலாக மாற்றி, அதோடேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. யூரிக் அசிட்டாக வேண்டிய பொருள் ஹைப்போசாந்தீனாகவும் சாந்தீனாகவும் நின்று, சிறுநீரில் வெளியேறுகிறது. இந்த ஒக்சிபியூரினோல் உடலில் ஒரு நாள் அளவுக்குத் தங்குவதால்தான் பொதுவாக நாளுக்கு ஒருமுறை போட்டால் போதும்.

இதை உருவாக்கியவர்கள் அமெரிக்காவில் வேலை செய்த கெர்ட்ரூட் எலியனும் ஜோர்ஜ் ஹிட்சிங்ஸும். புற்றுநோய் மருந்தான மெர்கப்டோபியூரினை உடல் சீக்கிரம் உடைத்துவிடாமல் தடுக்கத்தான் அவர்கள் இதை முதலில் முயன்றார்கள். யூரிக் அசிட் குறைவது அப்போதுதான் தெரியவந்தது. 1966இல் கவுட்டுக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, 1988இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்தக் கதையைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு: மெர்கப்டோபியூரினையும் அதன் உறவான அசதியோபிரினையும் இந்த மருந்து இன்றைக்கும் உடலில் குவியவைக்கும். அசதியோபிரின் எடுப்பவர் அதைச் சொல்லாமல் அலோபியூரினோலைத் தொடங்கினால் எலும்பு மச்சை ஆபத்தான அளவுக்கு அடங்கிப்போகலாம்.

மாத்திரை தொடங்கி பத்தாம் நாளே கால் வீங்கிப்போச்சு. நோவ கொறைக்கத் தந்த மாத்திரையே நோவ கொண்டு வருமா மிஸ்?

கொண்டு வரும். கோபத்தோடு மாத்திரைப் பெட்டியை யன்னலில் திருப்பி வைத்துவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது, ஏனென்றால் தொடங்கும்போதே இப்படி நடக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மூட்டுக்குள் படிகங்கள் தனித்தனி ஊசிகளாக அலைந்துகொண்டிருப்பதில்லை. வருடக்கணக்கில் சேர்ந்து, புரதங்கள் பூசப்பட்டு, குருத்தெலும்பின் மேலும் சவ்விலும் இறுகிப்போய்க் கிடக்கின்றன. அப்படிக் கிடக்கும்வரை உடலின் காவல் அணுக்கள் அவற்றைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ரத்தத்தில் யூரிக் அசிட் இறங்கியதும் படிகங்களின் ஓரங்கள் கரையத் தொடங்குகின்றன. கட்டி தளர்ந்து, சிறு துண்டுகள் உதிர்ந்து மூட்டு நீருக்குள் வருகின்றன. நம் மலைச்சரிவுகளில் கட்டியிருக்கும் கல் அணையை நினைத்துப் பாருங்கள். இடையில் இருக்கும் மண்ணை மழை கரைக்கும்போது கல் காணாமல் போவதில்லை, முதலில் தளர்ந்து உருளுகிறது. அதுவும் மெல்லிய தூறலில் ஒன்றிரண்டுதான் உருளும், ஒரே இரவில் கொட்டினால் அணையே சரியும்.

உதிர்ந்து வந்த புதுத் துண்டுகளைக் காவல் அணுக்கள் விழுங்குகின்றன. அவற்றுக்குள்ளே இருக்கும் ஓர் எச்சரிக்கை அமைப்பு விழித்து, இன்டர்லூகின்-1 பீற்றா என்ற செய்திப்பொருளை வெளியிடுகிறது; அதைக் கேட்டு ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் ஆயிரக்கணக்கில் மூட்டுக்குள் பாய்கின்றன. இரவில் போர்வை பட்டாலே துடிக்கும் அந்த நோவு இதனால் வருவது. ஆகவே மாத்திரை புதிதாக ஒரு படிகத்தையும் உண்டாக்கவில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்தது வெளியேறும் வழியில் கிளப்பிய அழற்சிதான் இது. யூரிக் அசிட் எவ்வளவு வேகமாக, எவ்வளவு ஆழமாக இறங்குகிறதோ அந்த அளவுக்கு இந்த ஆபத்தும் கூடும். முன்பு மோசமான தவறு என்று சொன்னதும் இதனால்தான்: நோவுக்கு மட்டும் போட்டு நிறுத்துபவருக்கு அளவு இறங்கி ஏறி, இறங்கி ஏறி, ஒவ்வொரு தடவையும் கட்டி தளர்கிறது, ஆனால் ஒருமுறையும் கரைந்து முடிவதில்லை.

அப்ப வேற மாத்திரைக்கு மாத்தினா இந்தப் பிரச்சினை வராதா?

யூரிக் அசிட்டைக் குறைக்கும் எந்த மருந்துக்கும் இது வரும், ஏனென்றால் நோவைக் கிளப்புவது அளவு இறங்குவதே தவிர அந்த மருந்தின் தனிக் குணம் அல்ல. ஃபெபுக்சோஸ்டாட் அதே நொதியை இன்னும் இறுக்கமாக அடைப்பதால் வேகமாகக் குறைக்கிறது; ஆகவே தொடக்க நோவும் அதில் கூடுதலாகவே காணப்பட்டது. இதய நோய் உள்ளவர்கள் அதைப் பற்றி மருத்துவரிடம் தனியாகக் கேட்க வேண்டும்: 2018இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு இதய மரணங்கள் கூடுவதாகக் காட்டியது, 2020இல் வந்த மற்றொன்று அப்படிக் காட்டவில்லை. புரோபெனெசிட் என்பது உற்பத்தியைத் தொடாமல் சிறுநீரகத்தின் மீள் இழுப்பைத் தடுக்கும் மருந்து. அதற்கு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், சிறுநீரகக் கல் இருந்தவர்களுக்கு ஏற்றதல்ல.

தொடக்கத்துலேயே நோவு வராம தடுக்க வழி ஒண்ணும் இல்லையா?

இரண்டு வழிகளை ஒன்றாகச் செய்ய வேண்டும். முதலாவது, மெதுவாக இறக்குவது. அலோபியூரினோலை நாளுக்கு 100 மில்லிகிராம் அல்லது அதற்குக் குறைவாகத் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து, 100 மில்லிகிராம் வீதம் கூட்டுவதே வழக்கம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு 50இல் தொடங்கி 50 வீதம் கூட்டுவார்கள். இலக்கு ஒரு டெசிலீற்றருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே. தோலுக்கடியில் சுண்ணாம்புக் கட்டி போலத் தெரியும் படிவுகள் உள்ளவர்களுக்கு 5க்குக் கீழே என்று பலர் வைப்பார்கள். சில ஆய்வுகூட அறிக்கைகளில் எண் 300, 500 என்று வரும். அது மைக்ரோமோல் கணக்கு, 6 என்பது அங்கே 360.

இரண்டாவது, அந்த மாதங்களில் சிறிய அளவு கொல்சிசினைக் காவலுக்கு வைப்பது: வழக்கமாக நாளுக்கு 0.5 மில்லிகிராம் ஒருமுறை, சிலருக்கு இருமுறை. வெள்ளணுக்கள் நகர்ந்து செல்லத் தேவையான நுண்குழாய்களை அது கட்டவிடாமல் தடுப்பதால், துண்டுகள் உதிர்ந்தாலும் அழற்சி பெரிதாகப் பற்றுவதில்லை. அலோபியூரினோல் தொடங்கிய 43 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2004இல் வெளியானது. அதில் கொல்சிசின் இல்லாதவர்களில் நூற்றுக்கு 77 பேருக்கு நோவு வந்தது, கொல்சிசின் எடுத்தவர்களில் நூற்றுக்கு 33 பேருக்குத்தான் வந்தது. குறைந்தது மூன்று முதல் ஆறு மாதங்கள் அதைத் தொடர வேண்டும். ஃபெபுக்சோஸ்டாட் ஆய்வுகளில் எட்டாவது வாரத்தில் காவல் மருந்தை நிறுத்தியதும் நோவுகள் சட்டென்று கூடியதைப் பார்த்தார்கள்.

கொல்சிசினில் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி சிறியது. வயிற்றோட்டம் தொடங்கினால் அளவு கூடுகிறது என்று பொருள். நிறுத்திவிட்டு வந்து சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின் போன்ற சில அன்ரிபயோட்டிக்குகளோடு சேர்ந்தால் அது உடலில் குவியும். நம் வேலிகளில் ஏறிப் பூக்கும் கார்த்திகைப்பூச் செடியில், சிங்களத்தில் நியங்கலா என்பார்கள், இருப்பதும் இதே கொல்சிசின்தான். அதன் கிழங்கைத் தின்று இந்த நாட்டில் பலர் இறந்திருக்கிறார்கள். "இயற்கையாவே இருக்குதானே, அதையே அரைச்சுக் குடிச்சா என்ன?" என்று ஒரு பெரியவர் கேட்டது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ஒரு துண்டில் எவ்வளவு இருக்கும் என்று எவராலும் அளந்து சொல்ல முடியாத ஒரு நஞ்சு அது.

ரெண்டு தடவ தொடங்கி ரெண்டு தடவையும் நோவு வந்து விட்டுட்டேன். மூணாந்தடவ மட்டும் சரி வருமா?

வந்த ஒருவரின் கணக்கைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்பவர், வயது 47, முதல் நோவு 39இல். எட்டு வருடமாக நோவு வரும்போதெல்லாம் டவுனில் டைக்ளோஃபெனக் வாங்கிப் போட்டுச் சமாளித்தவர். யூரிக் அசிட் 9.2, சிறுநீரகம் நன்றாகவே இருந்தது. பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் எடுத்துக்கொண்டிருந்தார்.

முதல் தடவை, மச்சான் போடும் 300 மில்லிகிராம் மாத்திரையையே வாங்கிப் போட்டார். எட்டாம் நாள் முழங்கால் பிடித்தது, நிறுத்தினார். இரண்டாம் தடவை மருத்துவர் 100இல்தான் தொடங்கினார், ஆனால் காவல் மருந்து இல்லை. மூன்றாம் வாரம் பெருவிரல் வீங்கியது, மறுபடியும் நிறுத்தினார். மூன்றாம் தடவை மூன்று விடயங்கள் மாறின. யூரிக் அசிட்டை ஏற்றும் அந்தப் பிரஷர் மாத்திரைக்குப் பதிலாக, அதைக் கொஞ்சம் வெளியேற்றக்கூடிய லொசார்டானை மருத்துவர் கொடுத்தார். 100 மில்லிகிராமோடு கொல்சிசின் 0.5 சேர்ந்தது. நோவு வரக்கூடும், வந்தாலும் அலோபியூரினோலை நிறுத்தக்கூடாது என்று கொப்பியிலேயே எழுதிக்கொடுத்தார்.

100இல் 8.3, 200இல் 7.1, 300இல் 6.3, 400இல் 5.6. இதற்கு ஏறத்தாழ நாலரை மாதம் சென்றது. 300 தான் முழு அளவு என்று பலர் நினைக்கிறார்கள். இவர் அதில் நின்றிருந்தால் இலக்கைத் தொட்டிருக்க மாட்டார். இடையில் ஐந்தாம் வாரம் கணுக்கால் இரண்டு நாள் வீங்கியது, பதினான்காம் வாரம் பெருவிரல் ஒரு நாள். ஆறாம் மாத முடிவில் கொல்சிசினை நிறுத்தியதும் ஏழாம் மாதம் ஒருமுறை வந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடமாக வரவில்லை. நோவு ஒரே நாளில் நிற்கவில்லை. இடைவெளி நீண்டு, வலி குறைந்து, பிறகுதான் நின்றது. மருந்து வேலை செய்வதை இந்தப் போக்கில்தான் அடையாளம் காண வேண்டும்.

நோவு வந்திருக்கிற நேரம் அலோபியூரினோலை நிப்பாட்டணுமா?

ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர் நிறுத்தக்கூடாது. நோவுக்கான மருந்தை அதோடு சேர்த்து எடுக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு நோவு அடங்கி இரண்டு வாரம் கழியட்டும் என்பது பழைய வழக்கம். அழற்சிக்கு மருந்து கொடுத்துக்கொண்டே நோவுக்குள்ளும் தொடங்கலாம் என்று இப்போதைய வழிகாட்டல்கள் சில சொல்கின்றன.

ஒன்றை மட்டும் பிரித்தறிய வேண்டும். குளிர்காய்ச்சலோடு ஒரே ஒரு மூட்டு மணிக்கு மணி மோசமாகிக்கொண்டு போனால், அது கவுட் என்று முடிவுகட்டி வீட்டில் இருக்காதீர்கள். மூட்டுக்குள் கிருமி புகுந்தாலும் இப்படித்தான் தொடங்கும், கவுட் உள்ள மூட்டிலும் அது புகலாம். சில நாட்களிலேயே மூட்டே அழிந்துவிடலாம்.

இத வருஷக்கணக்கா போட்டா கிட்னி பழுதாயிருமாமே?

அலோபியூரினோல் சிறுநீரகத்தை அழிப்பதில்லை. ஒக்சிபியூரினோல் சிறுநீரில் வெளியேற வேண்டியது என்பதால், ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்தில் அது தேங்கும். அதற்காகத்தான் அப்படிப்பட்டவர்களுக்குக் குறைவாகத் தொடங்குகிறார்கள். சிறுநீரகத்துக்குப் பயப்பட வேண்டிய மருந்து, எட்டு வருடம் கேட்பாரில்லாமல் வாங்கிப் போட்ட டைக்ளோஃபெனக்தான்.

எந்தக் கட்டத்துல மாத்திரைய கட்டாயம் நிப்பாட்டணும்?

தோலில் தடிப்போ சொறியோ கிளம்பினால் அன்றைக்கே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வாயிலும் கண்ணிலும் புண், காய்ச்சல், முகம் வீங்குதல், தோல் உரிதல் ஆகியவை சேர்ந்தால் வாகனம் பிடித்து உடனே வர வேண்டும். இது அபூர்வம், ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் வரும், தொடக்க அளவு கூடினால் ஆபத்தும் கூடும். மச்சானின் 300ஐ வாங்கிப் போடாதீர்கள் என்பதற்கு நோவை விடப் பெரிய காரணம் இதுதான். மூட்டு வீங்குவதற்கு நிறுத்த வேண்டாம், தோலில் கிளம்பினால் நிறுத்துங்கள். இவை இரண்டையும் மாற்றிச் செய்பவர்களே அதிகம்.

நோவு வந்து ஒரு வருஷத்துக்கு மேலாச்சு, யூரிக் அசிட்டும் 5.4. இனி விட்டுரலாம்தானே?

5.4 என்று காட்டுவது மாத்திரை போட்ட உடம்பின் அளவு. சிறுநீரகத்தின் இழுப்பு மாறவில்லை என்பதால், நிறுத்திய சில வாரங்களிலேயே எண் பழைய இடத்துக்குப் போய்விடும். நோவு உடனே வராது. படிகம் மறுபடியும் சேர மாதங்களோ வருடங்களோ பிடிக்கும், அந்த இடைவெளிதான் நிறுத்தியது சரி என்று நம்பவைக்கிறது. விட்டுவிட்டு ஒன்றரை வருடம் கழித்து, வீங்கிய காலுக்குச் செருப்புப் போட முடியாமல் யன்னலுக்கு வந்தவர்களிடம் கொப்பியைப் பிரித்துப் பார்த்தால், கடைசியாக எழுதிய எண் பெரும்பாலும் ஐந்தரைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அவர்கள் மறுபடியும் 100இல் இருந்து, கொல்சிசினோடு தொடங்க வேண்டும்.